வரவேற்பு பாட்டும் இருநூறு எழுத்தும்

புதுச்சேரியில் ரத்தம் தேவைப்படுவோரையும் கொடுப்போரையும் இணைக்கும் ஒரு கைபேசிக் குழுவுக்கு, வரவேற்பு பாட், அதாவது தானாகச் செய்தி போடும் நிரல், எழுதிக்கொடுத்தவன் நான். வெப்சைட் செய்வது என் வேலை. குழுவை நடத்தியவர், கதிர்காமத்தில் குடியிருந்த ரத்த வங்கி டெக்னீஷியன் அக்கா. புதிதாக யார் சேர்ந்தாலும் பாட் தானாக வணக்கம் சொல்லி, பதினோரு விதிகளையும் போட வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. ஒரு மாலையில் எழுதி முடித்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்ததும் பிள்ளைச்சாவடியில் ரத்ததான முகாம். வாசலில் க்யூஆர் அட்டை ஒட்டியிருந்தார்கள். வந்தவர்களெல்லாம் அங்கேயே ஸ்கேன் செய்து குழுவில் சேர்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வணக்கம், பதினோரு விதிகள். மதியம் அக்கா போன் செய்தார்.

"தம்பி, குரூப்ப தெறந்து பாத்தியா? பிரசவத்துக்கு ஓ நெகட்டிவ் வேணும்னு ஒருத்தர் போட்டாரு. உன் பாட்டு போட்ட விதியில அது எங்கயோ போயிடுச்சு. நான் ஒவ்வொருத்தரா போன் போட்டுத் தேடிப் பிடிச்சேன்."

"கெடச்சுதாக்கா?"

"கெடச்சுது. தாயும் புள்ளையும் நல்லாருக்காங்க. ஆனா பாதி பேரு குரூப்ப மியூட்ல போட்டுட்டாங்க."

மேலே தள்ளிப் பார்த்தேன். என் வணக்கங்கள் முடிவதாகவே இல்லை. நடுவில் அந்த மனிதரின் இரண்டு வரி. வெட்கமாக இருந்தது. அதற்கும் மேலாக ஒரு கேள்வி குடைந்தது: இத்தனை முறை போட்டதை ஒருவராவது படித்தாரா?

அன்று சேர்ந்தவர்களில் ஒருவர் தவளக்குப்பம் சந்தையில் மீன் விற்பவர் என்று அக்கா சொன்னார். மறுநாளே போனேன். சங்கரா மீனைச் செதில் நீக்கிக்கொண்டே அவர் சொன்னார்:

"படிக்கலப்பா. பேரு போட்டு வணக்கம்னு வந்துச்சு, சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் மளமளன்னு வந்துச்சா, மூடிட்டேன். எனக்கு இன்னா தெரியணும்னா, ரத்தம் வேணும்னா எப்படிக் கேக்கணும், அவ்ளோதான்."

விதிகளைத் தனியாக அனுப்பிவிடலாமே என்று முதலில் தோன்றியது. முயன்றேன், பிழை வந்தது. ஒருவர் முதலில் பேச்சைத் தொடங்காமல், அந்த ஆப்பில் பாட் அவருக்குத் தனிச்செய்தி அனுப்ப முடியாது. நியாயம்தான். முன்பின் தெரியாத இயந்திரம் வீட்டுக்கதவைத் தட்டினால் யாருக்குப் பிடிக்கும்?

பிறகு வேறு மாதிரி எழுதினேன். முதல் ஆள் சேர்ந்ததும் பாட் பேசாமல் பத்து நிமிடம் காத்திருக்கும். அதற்குள் சேர்ந்த எல்லோருக்கும் சேர்த்து ஒரே வரி வணக்கம், சத்தமில்லாமல். அதைப் போட்டதும் தன்னுடைய பழைய வணக்கத்தை அழித்துவிடும். 'இன்னார் சேர்ந்தார்' என்று ஆப் தானாகப் போடும் வரியையும் நீக்கிவிடும். அதற்கு பாட்டை அட்மின் ஆக்கினோம். குழுவில் யாராவது 'தேவை' என்று எழுதியிருந்தால், அரை மணி நேரம் வாயே திறக்காது.

"அப்ப புதுசா வந்தவங்க?" என்றார் அக்கா.

"காத்திருக்கட்டும்க்கா. விதி மேலயே பின் பண்ணி இருக்குமே."

வணக்கத்தின் கீழே ஒரு பொத்தான். அழுத்தினால், அழுத்தியவர் திரையில் மட்டும் விதி ஒரு சின்னப் பெட்டியாக எழும். குழுவில் எதுவும் விழாது. ஆனால் அந்தப் பெட்டிக்கு இருநூறு எழுத்துதான் அளவு. அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் பெரும்பாலும் தனித்தனிக் கணக்கு. 'ரத்தம்' நமக்கு நான்கெழுத்து, இயந்திரத்துக்கு ஆறு. என் பதினோரு விதிகளை ஊட்டினால் முதல் மூன்றிலேயே பெட்டி நிரம்பிவிட்டது.

நானும் அக்காவும் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து வெட்டினோம். 'அரட்டை கூடாது', 'அரசியல் கூடாது', 'காலை வணக்கப் படம் கூடாது' மூன்றும் 'வேறு எதுவும் வேண்டாம்' ஆயின. கடைசியில் மிஞ்சியது இது: 'தேவை என்று தொடங்கி ரத்த வகை, ஆஸ்பத்திரி, நேரம் எழுதவும். கிடைத்ததும் சொல்லவும். நோயாளி படம் வேண்டாம். வேறு எதுவும் வேண்டாம்.'

"இதையே மொதல்ல எழுதியிருக்கலாமே," என்று அக்கா சிரித்தார்.

அடுத்த முகாமன்று குழுவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். பாட் சும்மா இருந்தது. பத்து நிமிடம் கழித்து ஒரே வரி. நடுவில் ஒரு 'தேவை' வந்தது. பாட் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் 'நான் வரேன்' என்று ஒருவர் பதில் போட்டார். வேறொன்றும் இடையில் இல்லை.

யார் பொத்தானை அழுத்துகிறார்கள் என்று பாட்டுக்குத் தெரியும். ஒரு வாரக் குறிப்பைத் திறந்து பார்த்தபோது எனக்கு ஆச்சரியம். புதியவர்களைவிடப் பழையவர்களே அதிகம் அழுத்தியிருந்தார்கள். தினமும் காலை வணக்கப் பூ அனுப்பும் ஒரு ரிட்டயர்டு வாத்தியாரும் அதில் இருந்தார். மறுநாள் பூ வரவில்லை. அக்காவிடம் அவர் சொன்னாராம்: "ரெண்டு வருஷமா இருக்கேன், இப்படி ஒரு விதி இருக்கறதே எனக்குத் தெரியாதும்மா."