ஞானகுமாரி மேடம் போட்ட சுழி

ஆவடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பதினெட்டு வருஷமாகக் கணக்கு எடுக்கும் ஞானகுமாரிக்கு, தப்பைக் கண்டால் மூக்குமேல் கோபம் வந்துவிடும். "அணியோட, அதான் மேட்ரிக்ஸோட, அதன் இடமாற்று அணியைக் கூட்டிப் பாதியாக்கினா சமச்சீர் பகுதி, கழிச்சுப் பாதியாக்கினா எதிர்ச்சமச்சீர் பகுதி. ரெண்டையும் கூட்டினா பழைய அணி. இதுகூட வராதா?" என்று கத்துவார்.

அன்று தேர்வுத்தாள் திருத்தும்போது, எதிர்ச்சமச்சீர் பகுதியின் ஐகன் மதிப்புகளை 2i, −2i என்று பதினொரு பேர் எழுதியிருந்தார்கள். அவர் தயாரித்த விடைக்குறிப்பிலோ 2, −2. பதினொன்றுக்கும் சுழி போட்டார்.

பன்னிரண்டாவது தாளின் ஓரத்தில் மாணவி லாவண்யா எழுதியிருந்தாள்: "மெய்யெண் எதிர்ச்சமச்சீர் அணிக்குப் பூச்சியமோ கற்பனை எண்ணோதான் வரும், மேடம்."

விடைக்குறிப்பைப் பார்த்தார். ஐகன் மதிப்பின் வர்க்கம் −4 என்றுதான் அதில் இருந்தது. மூலம் எடுக்கும்போது அவசரத்தில் கற்பனை எண்ணுக்கான i-யை விட்டது அவரேதான். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பதினொரு தாளுக்கும் முழு மதிப்பெண் போட்டுவிட்டு, விடைக்குறிப்பின் தலையில் சிவப்பு மையில் பெரிய சுழி போட்டு எழுதினார்: "கவனம் போதாது. பெற்றோரை அழைத்து வரவும்."