வேலை உறுதிக்கு எழுதிய மதிப்பீடு

கணவர் இறந்து நான் வேலைக்குத் திரும்பிய மாதத்தில்தான் அதை எழுத வேண்டியிருந்தது. எண்பதுகளில், தர்மபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. குழந்தைகள் வார்டுக்கு நான் பொறுப்பு சிஸ்டர். பொம்மிடியிலிருந்து வந்த ஸ்டாஃப் நர்ஸ் பெண் ஒருத்திக்கு ப்ரொபேஷன், அதாவது தகுதிகாண் காலம், முடிகிற சமயம். என் மதிப்பீட்டைப் பார்த்துத்தான் வேலையை நிரந்தரமாக்குவார்கள். இல்லையென்றால் அவள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அதுவரை எல்லோருக்கும் "நன்று" என்று எழுதி உறையை ஒட்டிக் கொடுப்பதே வழக்கம். புதிதாக வந்த பெரிய டாக்டர் அதை மாற்றிவிட்டார். நிறையோ குறையோ, நடந்ததைச் சொல்லி எழுத வேண்டும். நர்சும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். முகத்துக்கு நேரே குறை சொல்ல எனக்கு வராது. ஆனால் அந்த மாதம் கூச்சம்கூட மரத்துப் போயிருந்தது.

இண்டூரிலிருந்து வந்த குழந்தை ஒன்றுக்கு டிரிப் ஓடும்போது இமை வீங்குவதை அவள்தான் கவனித்தாள். உடம்பில் நீர் ஏறிவிட்டதோ என்று டிரிப்பை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள். அதை எழுதினேன். காய்ச்சல் அளவுகளை மனதில் வைத்துக்கொண்டு கடைசியில் மொத்தமாகக் குறிப்பதையும், ஒருநாள் ஒரு குழந்தையின் அளவு பக்கத்துக் கட்டில் சார்ட்டில் ஏறியதையும், அவளே கண்டுபிடித்துச் சொன்னதையும் எழுதினேன்.

மருந்து அறையில் வைத்துப் படிக்கக் கொடுத்தேன். அவள் முகம் சிவந்தது.

"நெசந்தானுங்க சிஸ்டர். ஆனா சார்ட்டெல்லாம் டெஸ்க்குல அடுக்கி வச்சிருக்கு. ஒவ்வொரு கட்டில்ல இருந்தும் அங்க ஓடிவந்து எழுதுனா, அதுக்குள்ள காய்ச்சலே எறங்கிடுமுங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னது சரி. இனி என்ன செய்வது என்று மதிப்பீட்டின் கீழேயே சேர்ந்து எழுதினோம். சார்ட்டைக் கட்டிலின் கால்மாட்டில் மாட்டுவது என் வேலை. பார்த்த உடனே அங்கேயே எழுதுவது அவள் வேலை. மூன்று மாதம் வாரம் ஒருமுறை இருவரும் சேர்ந்து சரிபார்ப்பது. குறைமாதக் குழந்தைகளைப் பராமரிக்கப் பழக வேண்டும் என்று அவளே கேட்டாள். அதையும் சேர்த்தோம். வேலையை நிரந்தரமாக்கலாம் என்று நான் முடிக்க, இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

தாளை வாங்கிப் படித்த பெரிய டாக்டர் குறையை மட்டும் விரலால் தொட்டார். "இதையும் எழுதிட்டு நிரந்தரம் பண்ணச் சொல்றீங்களேம்மா?"

வழக்கமாக இருந்தால் தரையைப் பார்த்திருப்பேன்.

"அவ மறைச்சிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்காதுங்க சார். தப்பைச் சொன்னவளை அனுப்பிட்டா, அப்புறம் இந்த வார்டுல ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க."

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

வேலை நிரந்தரமானதை வார்டில் அவளிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் ஏதாவது தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. அவள் கை சூடாக இருந்தது என்பது மட்டும் தெரிந்தது.

"டாக்டர் ரவுண்ட்ஸுக்கு வர்றாங்க. முகத்தைக் கழுவிக்கம்மா," என்றேன்.