எத்தனை என்று கேட்டபோது

சட்டைத் தொழிற்சாலையின் நான்காம் வரிசையில் காலர் தைப்பதால் அவளைக் காலர்க்காரி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பதினொரு வருடமாக அதே மெஷின். மணிக்கு அறுபது காலர். போன வருடத்திலிருந்து மாதத்தில் எட்டு ஒன்பது நாட்கள் அறுபது நாற்பதாகிக்கொண்டிருந்தது.

வரிசைக்கு ஒரே ஒரு டோக்கன். அது கையில் இருந்தால்தான் கழிப்பறைக்குப் போகலாம். முப்பது பெண்களுக்கிடையில் ஒருத்திக்கு ஷிப்டில் இரண்டு முறை கிடைத்தால் அதிகம். அதனால் அந்த நாட்களில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு நாப்கின், அதற்கும் மேல் வெட்டியதில் மிஞ்சிய துணி, அடர்நிறப் பாவாடை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதத்தில் தானாக வந்துவிடும்.

மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். "நாப்பது தாண்டினா, நிக்கப்போற நேரத்துல நெறையத்தான் போகும் அண்ணி," என்றாள் நாத்தனார். "வீட்டைக் காலி பண்றவங்க எல்லாத்தையும் வெளிய தூக்கிப் போடுவாங்கல்ல, அது மாதிரி." புருஷன் டெலிவரி வேன் ஓட்டுகிறவன். "நீ படுத்தா எந்திரிக்கறதே இல்ல," என்று மட்டும் சொன்னான்.

தெருமுனை கிளினிக்கில் டாக்டர் கேட்டார்: ஒரு நாளைக்கு எத்தனை தடவை மாத்துவீங்க? மூணு, என்றாள். அது சாதாரணம்தான் என்று சத்து மாத்திரை எழுதினார். தனக்கு நோய் இல்லை, சோம்பல்தான் என்று அவள் நம்ப ஆரம்பித்தது அன்றைக்கு.

நான்கு மாதம் கழித்து இருபது காலரைத் தலைகீழாகத் தைத்துவிட்டாள். சூப்பர்வைசர் கத்தவில்லை. "உடம்பு சரியில்லன்னா டாக்டர் சீட்டு கொண்டா. இல்லன்னா நூல் வெட்டுற மேஜைக்குப் போ." அந்த மேஜை, மெஷினில் உட்கார முடியாமல் போனவர்களுக்கானது.

அரசு சுகாதார நிலையத்தில் வயதான நர்ஸ் முதலில் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். பிறகு அதே கேள்வி. அவளும் அதே பதில்.

"மூணு தடவை சரி. ஒரு தடவைக்கு எத்தனை வைக்கிற?"

"ரெண்டு. மேல துணி."

"துணியும் நனையுமா?"

"ரெண்டாம் நாள், மூணாம் நாள்."

"அப்ப அது எந்த ஊரு மூணு? ரத்தம் கட்டி கட்டியா விழுதா?"

"விழும்."

"எவ்வளவு பெருசு?"

யோசித்தாள். "சட்டை பட்டன் இல்ல. கோட்டு பட்டன். சில நாள் அதைவிடவும்."

கர்ப்பம் இல்லை என்று பரிசோதித்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு. டாக்டர் இரும்பு மாத்திரையும் ஸ்கேனுக்குத் தேதியும் தொழிற்சாலைக்குச் சீட்டும் கொடுத்தார். நர்ஸ் ஒரு தாளில் கோடு போட்டாள்.

"அடுத்த தடவை வந்ததும் எழுதணும். எத்தனை தடவை மாத்தினன்னு இல்ல, எத்தனை நாப்கின்னு. பாதி நனைஞ்சுதா, முழுசா நனைஞ்சுதா. கட்டி எவ்வளவு பெருசு. ராத்திரி எத்தனை தடவை எழுந்த. எந்த வேலையில மூச்சு வாங்குது. எத்தனை நாள் போச்சு." பேனாவை மூடினாள். "மணிக்கு ஒண்ணு முழுசா நனைஞ்சு, ரெண்டு மணி நேரம் அப்படியே போச்சுன்னா எழுதிக்கிட்டு உக்காராத. தலை சுத்தினாலும் சரி. நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போயிடு."

சீட்டைப் படித்த சூப்பர்வைசர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அவள் மெஷினில் உட்கார்ந்தாள்.

ஸ்கேன் தேதிக்கு ஆறு நாள் முன்பாகவே வந்துவிட்டது. இரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு மாற்றினாள். பத்துக்கு மாற்றினாள். டோக்கனை இரண்டாம் முறை வாங்கியபோது பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். பதினொன்றுக்குத் துணி வரைக்கும் நனைந்திருந்தது. ஊசி ஒன்று இரண்டாகத் தெரிந்தது.

"ஒரு மணி நேரம் பொறு," என்றான் சூப்பர்வைசர். "இந்த லாட் முடிஞ்சிடும்."

"ரெண்டு மணி நேரம் ஆயிடுச்சு சார்."

அவனுக்குப் புரியவில்லை. பக்கத்தில் சட்டைக் கை தைக்கிறவள் மெஷினை நிறுத்தினாள். "அவ முகத்தைப் பாருங்க சார், சுவரு மாதிரி இருக்கு. நான் கூட்டிட்டுப் போறேன். ரெண்டு பேர் கூலியையும் பிடிச்சுக்குங்க."

பெரியாஸ்பத்திரியில் ரத்தம் பார்த்துவிட்டு, ஏழு ஐந்தரையாகிவிட்டது என்றார்கள். டாக்டர் அவள் தாளை இரண்டு முறை படித்தார். கர்ப்பப்பையில் தசைக்கட்டி இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. மருந்தா, ஆபரேஷனா என்பது ரத்தம் நின்று, ரத்தம் ஏறிய பிறகுதான். முதல் பை ஏறத் தொடங்கியது.

சாயங்காலம் புருஷன் வந்தான். தொழிற்சாலையிலிருந்து போன் வந்ததாம். காலர் மெஷினில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம். திரும்பி வந்தால் நூல் மேஜை. தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். கட்டிலோரப் பெட்டிமேல் இருந்த அவள் தாளை எடுத்துப் படித்தான். மெதுவாகப் படிக்கிறவன்.

"ராத்திரி நாலு தடவை எழுந்தியா?"

"ஆமா."

"நான் பக்கத்துலதான படுத்திருந்தேன்."

"ஆமா," என்றாள். குழாயில் இறங்கும் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.