படிவத்தில் நான் எழுதிய ‘இல்லை’

பெரம்பலூரில் குழந்தைப்பேறு மருத்துவமனைக்கு முதன்முதலாகப் போன அன்று அண்ணன், அண்ணி, நான் மூவரும் இருந்தோம். அம்மா வரவில்லை. குறை மருமகளிடம்தான் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டாள்.

படிவம் நிரப்பும் வேலை என்னுடையது. வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். ‘புகைப் பழக்கம்’ என்ற இடத்தில் நின்றேன்.

"இல்லைன்னு போடுடா. டாக்டரம்மாகிட்ட திட்டு வாங்கணுமா?" என்றான் அண்ணன்.

"சட்டைப்பையில இருக்குற பீடிக்கட்ட மட்டும் நல்லா மறைச்சுக்குங்க," என்றாள் அண்ணி.

நான் ‘இல்லை’ என்று எழுதினேன்.

அண்ணனுக்கு உயிரணு குறைவு, ஓட்டமும் போதவில்லை என்று முடிவு வந்தது. மாத்திரை கொடுத்தார்கள். அண்ணி மாதாமாதம் நாள் எண்ணினாள். அண்ணன் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து புகைத்தான்.

இரண்டு வருடம் கழித்து வந்த புது டாக்டரம்மா அண்ணன் உட்கார்ந்ததுமே வாடையைக் கண்டுகொண்டார். படிவத்தைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

"புது உயிரணு உருவாக ஏறக்குறைய மூணு மாசம் ஆகும். இன்னிக்கே விட்டா உங்களுக்குத் தேறலாம். ஆனா அந்தப் புகைய இவங்களும் இழுத்திருக்காங்க. அதுவும் கரு தங்குறதத் தள்ளிப்போடும். வயசும் முப்பத்தேழு ஆச்சு. குறைஞ்ச கருமுட்டை திரும்ப வராதுங்க."

அண்ணன் அன்றே விட்டான். நான்கு மாதத்தில் அவன் அறிக்கை தேறியது. அண்ணியின் அறிக்கையை டாக்டரம்மா இரண்டு முறை படித்தார். கருமுட்டை மிகவும் குறைந்திருந்தது.

நான் எழுதிய அந்த ஒரு சொல்லுக்கு அவர்கள் கொடுத்தது இரண்டு வருடம், நான்கு மாதம்.