ஹேமாவதியின் மாத்திரை

முடிச்சூரில் ஐந்து கடைகளை வாடகைக்கு விட்டிருக்கும் ஹேமாவதிக்கு ஊரில் யாரும் எதிர்வார்த்தை பேசியதில்லை. அப்படிப்பட்டவளையே ஒருவன் ஏமாற்றினான் என்றால், அது கூடப் பிறந்த துளசிங்கத்தால்தான் முடியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி. அறுவை, ஊசி, கதிர்வீச்சு எல்லாவற்றுக்கும் காரில் கூட்டிப்போனவன் அந்த அண்ணன்தான். பிறகு தினம் ஒரு லெட்ரோசோல் மாத்திரை. அது வந்ததிலிருந்து நெஞ்சில் குபீரென்று கிளம்பும் சூடு முகம்வரை ஏறும், ரவிக்கை நனையும், அடுத்த நிமிடம் குளிரும். மூட்டெல்லாம் வலி.

மகள் உதயாவைப் பார்க்க வந்த முதல் சம்பந்தக்காரி, "ஏன் இப்படி வேர்க்குது?" என்று துருவிவிட்டுப் போனாள். அந்த இடம் கூடவில்லை. மறுவாரமே துளசிங்கம் வந்தான். "டாக்டர்கிட்ட போன்ல பேசிட்டேம்மா. எலும்பு தேயுதாம், இந்த மாத்திரைய நிறுத்தச் சொல்லிட்டாரு. கால்சியம் மட்டும் போட்டுக்கோ."

அவள் நம்பினாள். சில வாரங்களில் சூடு அடங்கியது, நிம்மதியாகத் தூங்கினாள். படப்பையிலிருந்து அடுத்த மாப்பிள்ளையும் அமைந்தான்.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நான் எப்பம்மா நிறுத்தச் சொன்னேன்? யாருமே பேசலையே."

அவர் கோபப்படாமல்தான் விளக்கினார். உங்கள் கட்டி ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளர்ந்த வகை. மாதவிடாய் நின்ற பிறகும் உடம்பு அதைக் கொஞ்சம் தயாரிக்கும். மாத்திரை அதைத் தடுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத செல்கள் எங்காவது ஒட்டியிருந்தால் பட்டினி போடத்தான் ஐந்து வருடம். இடையில் விட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும். எலும்பு தேய்ந்தால் எலும்புக்கு மருந்து தருவோம், தேவையென்றால் மாத்திரையை மாற்றுவோம், நீங்களாக நிறுத்தக்கூடாது. இன்றே தொடங்குங்கள்.

ஹேமாவதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அது மாத்திரைச் சூடு இல்லை. நேரே அண்ணன் வீட்டு வாசலில் நின்று கத்தினாள். தெருவே வந்து பார்த்தது.

"உன் நல்லதுக்குத்தாம்மா... உதயா கல்யாணம் முடியட்டும், அப்புறம் போட்டுக்கலாம்னு..."

"என்னைக் கேட்டியா? என் உடம்புண்ணா இது!"

அன்றே மாத்திரையைப் போட்டாள். நிச்சயதார்த்தத்துக்குள் சூடும் திரும்பிவிட்டது. தட்டு மாற்றும் நேரத்தில் முகமெல்லாம் வியர்வை. துளசிங்கம் காதருகே வந்து, "உள்ள போய் உக்காரு" என்றான்.

அவள் அசையவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்து உரக்கவே சொன்னாள்: "எனக்குக் கேன்சர் வந்து ஆபரேஷன் ஆச்சு சம்பந்தி. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு மேல மாத்திரை சாப்பிடணும். இந்த வேர்வை அதனாலதான். யோசிச்சுச் சொல்லுங்க."

தட்டு அந்தரத்தில் நின்றது. துளசிங்கம் பல்லைக் கடித்தான். "நிச்சயமே நின்னுடும் போலருக்கே, பாவி!"

"நின்னா நிக்கட்டும்" என்றாள் ஹேமாவதி. "மூணு மாசம் என் மாத்திரை நின்னுச்சே, அப்ப நீ பதறினியா?"