அழித்த வரியும் வராத செய்தியும்

ராஜபாளையம் கடையில் நான் ஆர்டர் வாங்குவேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் ஓரகத்தி பால்கோவா கிண்டுவாள். இடையில் போனிலுள்ள ஒரு கூகுள் ஷீட். நான் புது வரி சேர்த்தால் அவள் வாட்ஸ்அப்புக்குச் செய்தி போகும்படி, மில் ஆபீஸில் வேலை பார்க்கும் கொழுந்தனார் அப்போதுதான் புதிதாக ஸ்கிரிப்ட் எழுதிவைத்திருந்தார்.

ஒரு வளைகாப்பு ஆர்டர் கிண்டப்படவே இல்லை. அந்த வீட்டார் கடை வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார்கள்.

"நீங்க போடவே இல்லக்கா. எனக்கு மெசேஜே வரல" என்றாள் ஓரகத்தி.

"போட்டேன்ட்டி. ஷீட்ல இருக்குல்லா?"

"அதைப் பொறவு கூடப் போட்டிருக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்தியைப் பார்த்துவிட்டு இவள்தான் அழித்திருப்பாள், கடையைத் தன் கைக்குக் கொண்டுவரப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். பால்கோவா கொண்டுவரும்போது அவள் போனை எங்கே வைத்தாலும் என் கண் அங்கேயே போனது. என் கணவரே, "மறந்திருப்பியோ?" என்றார். அன்று அவருக்குக் காபி போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓரகத்தியும் கடையில் இருந்தபோது கொழுந்தனார் வந்தார். எங்கள் முன்னாலேயே ஒரு வரி சேர்த்தார். செத்த நேரத்தில் ஓரகத்தியின் போன் சிணுங்கியது.

"வருதே மதினி" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவளோ என்னைப் பார்க்காமல் போனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் தீர்ப்பே எழுதிவிட்டாள்.

"இங்க கொடுங்க, நான் போடுறேன்" என்று வாங்கினேன். வளைகாப்பு ஆர்டரைப் போட்டபோது செய்ததுபோலவே, கொடுத்து முடித்த பழைய ஆர்டர் ஒன்றின் வரியை முழுதாக நீக்கிவிட்டு, கடைசியில் புதியதை அடித்தேன். மாமனார் காலத்தில் அடுப்படியில் கரும்பலகை இருந்தது. முடிந்ததை அழித்த பிறகுதான் புதியதை எழுத வேண்டும் என்பதில் அவர் கறார். அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. ஷீட் புதிது என்பதால், வளைகாப்பு ஆர்டருக்கு முன்புவரை நீக்குவதற்கு முடிந்த ஆர்டர் எதுவும் இருக்கவில்லை.

காத்திருந்தோம். போன் சிணுங்கவே இல்லை. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கொழுந்தனார் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். அது நிமிடத்துக்கு ஒருமுறை ஷீட்டின் கடைசி வரி எண்ணைப் பார்க்கும். தான் நினைவில் வைத்திருக்கும் எண்ணைவிடக் கூடியிருந்தால்தான் செய்தி அனுப்பும். வரியை நீக்கும்போது அந்த நினைவை யாரும் குறைக்கவில்லை. ஒன்றை நீக்கி ஒன்றைச் சேர்த்தால் எண் அதேதான். ஸ்கிரிப்டைப் பொறுத்தவரை புதிதாக எதுவும் வரவில்லை.

"வரியை நீக்குவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல மதினி" என்றார். அங்கேயே திருத்தியும் கொடுத்தார்.

ஓரகத்தியின் முகம் சுண்டிப்போனது. மன்னிப்புக் கேட்பாள் என்று காத்திருந்தேன்.

"அந்த வளைகாப்பு வீட்டுக்குப் போன் போட்டு, அக்காதான் மறந்துட்டாவன்னு சொல்லிட்டேனே" என்றாள்.

போன வாரம் அந்த வீட்டம்மா கடைக்கு வந்தார். காதுகுத்துக்கு ஆர்டர் சொன்னார். நான் அடித்து முடித்தும் நகரவில்லை.

"அங்க போயிருச்சான்னு கேட்டுச் சொல்லுங்க. நான் நிக்கேன்" என்றார்.

ஓரகத்திக்குப் போன் போட்டு, அவர் காதில் வைத்தேன்.