தண்ணீரில் ஓடிய கிரைண்டர்

ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. தச்சநல்லூர் லாரி பார்சல் அலுவலகத்தில் கோயம்புத்தூரிலிருந்து வந்த கிரைண்டர் பெட்டி எங்களுக்காகக் காத்திருந்தது. அட்டை ஒரு பக்கம் முழுக்க உள்வாங்கி, மூலை கிழிந்து, உள்ளிருந்த தெர்மோகோல் நொறுங்கிக் கொட்டியிருந்தது.

என் மனைவி வீட்டில் தோசை மாவு விற்கிறாள். பழைய கிரைண்டர் ஞாயிற்றுக்கிழமையே நின்றுவிட்டது. பெட்டியைத் திருப்பி அனுப்பினால் அடுத்தது வர எத்தனை நாளாகுமோ. அதுவரை வாடிக்கையாளர்கள் வேறு வாசல் பார்ப்பார்கள். அப்படியே வாங்கிக்கொள்ளவும் தயக்கம். பெட்டி நசுங்கியிருந்தால் ரசீதில் அதை எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் மாற்றித் தர முடியாது என்று கம்பெனிக்காரர் போனில் சொல்லியிருந்தார்.

அங்கேயே பிரித்தோம். டிரம்மில் கீறல் இல்லை. கற்களிலும் விரிசல் தெரியவில்லை. அவள் அங்கிருந்த குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றி, கவுண்டர் பக்கத்து பிளக்கில் மாட்டினாள். ஓடியது.

"நல்லா ஓடுதுல்லா? கையெழுத்துப் போடுங்கக்கா" என்றார் குமாஸ்தா. ரசீதில் 'நல்ல நிலையில் பெற்றேன்' என்று அச்சடித்தே இருந்தது.

"தண்ணியில எதுவும் ஓடும் தம்பி. உளுந்து போட்டாத்தான் தண்டு வளைஞ்சிருக்கா, பெல்ட்டு வழுக்குதான்னு தெரியும். பெட்டி நசுங்கியிருக்குன்னு எழுதிட்டுப் போடுதேன்."

"எழுதினா எங்க மேலதான் வந்து விடியும். எழுதணும்னா சரக்கு தரமாட்டேன்."

மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் சிரித்தார். "பொண்ணப் பாத்துட்டு ஜாதகத்துல குத்தம் எழுதுதாவ!"

"குத்தம் இருந்தா எழுதத்தான் செய்யணும் அண்ணாச்சி" என்றாள் அவள்.

குமாஸ்தா என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க."

"நான் என்ன சொல்ல? நசுங்கித்தான இருக்கு" என்றேன்.

அவள் நசுங்கிய பெட்டியைக் கவுண்டர் முன்னால் இழுத்துப்போட்டு அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பெட்டியைப் பார்த்தார்கள். பிறகு தங்கள் பார்சலையும் பிரித்துக் காட்டச் சொன்னார்கள். மூன்றாவது ஆள் கேட்டதும் குமாஸ்தா பேனாவை அவள் பக்கம் தள்ளினார்.

'பெட்டி நசுங்கி வந்தது. தண்ணீரில் மட்டும் ஓட்டிப் பார்த்தது' என்று இரண்டு பிரதியிலும் எழுதினாள். அச்சடித்த வரியை அடித்தாள். அவருடைய கையெழுத்தையும் முத்திரையையும் வாங்கிய பிறகே ஆட்டோவைக் கூப்பிட விட்டாள்.

அன்று மாலை வடைக்குக் கொஞ்சம் உளுந்து ஆட்டினாள். ஒரு ஆட்டமில்லை, சத்தமில்லை. மாவு பொங்கி வந்தது.

மறுநாள் காலை குமாஸ்தா போன் செய்தார். மேலிடத்தில் கேட்கிறார்களாம். "நல்லாத்தான ஓடுது? எழுதினத ரத்து பண்ணி ஒரு கடுதாசி தாங்கக்கா."

அரிசி ஊறிக்கொண்டிருந்த பாத்திரத்தை அவள் ஒரு பார்வை பார்த்தாள்.

"இன்னும் அரிசி போடல தம்பி" என்று போனை வைத்துவிட்டாள்.